அறுபதை அடித்தால் முப்பதும் விழும்

அந்துவான் ஒகுஸ்தான் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1838இல் செல்வத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வணிகத்துக்குள் இயற்கணிதத்தைக் கொண்டுவந்த அந்த நூலை அந்நாளில் அநேகமாக யாரும் சட்டை செய்யவில்லை. அதில் அவர் எடுத்துக்கொண்ட காட்சி மிக எளியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கனிமநீர் ஊற்றுகள். இரண்டின் தண்ணீரும் ஒரே தரம். ஊற்றுகளுக்கு இரண்டு தனித்தனி உரிமையாளர்கள், சந்தையோ ஒன்று. ஒவ்வொருவரும் எவ்வளவு தண்ணீரை விற்பனைக்கு அனுப்புவார்கள்?

கூர்னோ இதைச் சமன்பாடுகளால் தீர்த்தார். நாம் ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய அட்டவணையால் தீர்த்துப் பார்க்கலாம். ஆட்டக் கோட்பாட்டில் முதலில் கற்றுத்தரும் கருவிகளில் ஒன்று இங்கே அழகாகப் பொருந்துகிறது. எதிராளி என்ன செய்தாலும் நமக்கு நட்டமாகவே முடியும் வழியை அடித்துவிடுவது, அப்படி அடித்த பிறகு மிஞ்சிய அட்டவணையைப் புதிதாகப் பார்த்து, இன்னும் அடிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது. அவ்வளவுதான் முறை. கேட்பதற்கு வெறும் கழித்தல் வேலை போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு வழியை அடிக்கும்போது, அது எந்த வழிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அடுத்த சுற்றில்தான் தெரியவரும்.

இரு நிறுவனங்களையும் மேலூற்று, கீழூற்று என்று அழைப்போம். எண்கள் என்னுடையவை, கூர்னோவுடையவை அல்ல. சந்தைக்கு மொத்தம் எத்தனை பீப்பாய் வருகிறதோ, அதை 120இலிருந்து கழித்தால் வருவது ஒரு பீப்பாயின் விலை, பிராங்கில். மொத்தம் 100 பீப்பாய் வந்தால் விலை 20 பிராங்க். 70 வந்தால் 50 பிராங்க். தண்ணீர் தானாக ஊறி வருவதால் உற்பத்திச் செலவு இல்லை, வரவெல்லாம் லாபம். சந்தையில் ஒரே ஊற்று மட்டும் இருந்திருந்தால் அதன் உரிமையாளர் 60 பீப்பாய் அனுப்பி, 60 பிராங்குக்கு விற்று, 3600 பிராங்க் எடுத்திருப்பார். 50 அனுப்பினாலும் 70 அனுப்பினாலும் அவருக்கு 3500தான் கிடைக்கும்.

இப்போது இரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி 30 பீப்பாய். இருவரும் இதையே செய்தால் தனி முதலாளியின் 60ஐச் சரிபாதியாகப் பங்கிட்டதுபோல் ஆகும். இரண்டாவது வழி 40. மூன்றாவது, பக்கத்து ஊற்றே இல்லை என்பதுபோல் 60 அனுப்புவது. விடியற்காலையில் இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் எவ்வளவு இறைக்கிறார் என்று பார்க்க முடியாமல் முடிவெடுக்கிறார்கள். பீப்பாய்கள் சந்தைக்கு வந்த பிறகுதான் விலை தெரியும்.

| | கீழூற்று 30 | கீழூற்று 40 | கீழூற்று 60 |
|---|---|---|---|
| மேலூற்று 30 | 1800, 1800 | 1500, 2000 | 900, 1800 |
| மேலூற்று 40 | 2000, 1500 | 1600, 1600 | 800, 1200 |
| மேலூற்று 60 | 1800, 900 | 1200, 800 | 0, 0 |

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் மேலூற்றின் லாபம், இரண்டாவது கீழூற்றின் லாபம். ஒரு கட்டத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். மேலூற்று 40, கீழூற்று 30 என்றால் மொத்தம் 70, விலை 50. எனவே மேலூற்றுக்கு 2000, கீழூற்றுக்கு 1500. மற்றவையும் இப்படியே வந்தவைதான்.

மேலூற்றின் இடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். 40 என்ற வரிசையையும் 60 என்ற வரிசையையும் பக்கத்தில் வைத்து, நெடுவரிசை நெடுவரிசையாக ஒப்பிட வேண்டும். கீழூற்று 30 அனுப்பினால் 40க்கு 2000, 60க்கு 1800. கீழூற்று 40 அனுப்பினால் 1600, 1200. கீழூற்று 60 அனுப்பினால் 800, பூஜ்யம். மூன்று இடத்திலும் 40தான் மேல். கீழூற்று என்ன செய்யும் என்று மேலூற்று ஊகிக்கவே தேவையில்லை. எது நடந்தாலும் 60ஐ விட 40 நல்லது. இப்படிப்பட்ட வழியைத்தான் விஞ்சப்பட்ட உத்தி என்கிறோம். 60ஐ அடித்துவிடலாம். அட்டவணை இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் கீழூற்றின் 60ஐயும் அதே நியாயத்தில் அடித்துவிடலாம்.

காரணம் விலையில் இருக்கிறது. எதிரே 30 இருக்கும்போது 40இலிருந்து 60க்குப் போனால் கூடுதலாக விற்கும் 20 பீப்பாய்க்கு, ஒன்றுக்கு 30 வீதம், 600 பிராங்க் வரும். ஆனால் விலை 50இலிருந்து 30க்கு இறங்கிவிட்டதால், ஏற்கெனவே விற்றிருக்கக்கூடிய 40 பீப்பாயிலும் ஆளுக்கு 20 வீதம் 800 பிராங்க் போய்விடுகிறது. வந்தது 600, போனது 800.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறு செய்வார்கள். 30 என்ற வரிசையைப் பார்த்து, அது 40இடம் மூன்றில் இரண்டு இடங்களில் தோற்கிறதே, அதையும் இப்போதே அடித்துவிடலாமே என்பார்கள். கூடாது. முதல் இரண்டு நெடுவரிசைகளில் 1800க்கு எதிராக 2000, 1500க்கு எதிராக 1600 என்று 30 தோற்பது உண்மை. ஆனால் மூன்றாவதில், அதாவது கீழூற்று 60ஐக் கொட்டும் நாளில், 30க்கு 900, 40க்கு 800. ஓர் இடத்தில் ஜெயித்தாலும் அது விஞ்சப்பட்ட உத்தி ஆகாது. பெரும்பான்மை, சராசரி இரண்டுக்கும் இங்கே வேலையில்லை. எதிராளி 60ஐத்தான் அனுப்பப்போகிறார் என்று நம்பும் ஒருவருக்கு 30 முழுக்க அறிவுள்ள முடிவு.

30இலிருந்து 40க்கு மாறும்போது நடப்பதைத் தனியே பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விலை 10 பிராங்க் இறங்குவதால் முதல் 30 பீப்பாயில் இழப்பது எப்போதும் 300. கூடுதல் 10 பீப்பாய் கொண்டுவருவதோ அன்றைய விலையைப் பொறுத்தது: எதிரே 30 என்றால் 500, எதிரே 40 என்றால் 400, எதிரே 60 என்றால் வெறும் 200. சந்தை நிரம்பி வழியும் நாளில் மட்டும்தான் அடக்கி வாசிப்பது லாபம்.

அந்த நாள் வருமா? இரண்டாவது சுற்று இதைத்தான் கேட்கிறது. முதல் சுற்றில் மேலூற்று தன் கணக்கை மட்டும் பார்த்தால் போதுமாக இருந்தது. இப்போது கீழூற்றின் தலைக்குள் எட்டிப்பார்க்க வேண்டும். கீழூற்றுக்கும் இதே அட்டவணை தெரியும், அதற்கும் லாபம்தான் குறி, அதுவும் கணக்குப் போடத் தெரிந்த நிறுவனம் என்றால், அது 60 அனுப்பாது. ஆகவே மூன்றாவது நெடுவரிசையை மறந்துவிடலாம். மிஞ்சுவது இரண்டுக்கு இரண்டு. அதில் 30 இரு இடத்திலும் தோற்கிறது. அதையும் அடிக்க வேண்டியதுதான். கடைசியில் நிற்பது ஒரே கட்டம்: ஆளுக்கு 40 பீப்பாய், விலை 40 பிராங்க், ஆளுக்கு 1600.

இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. 60 என்பது யாரும் ஒருநாளும் கையில் எடுக்காத வழி. ஆனால் அது வந்துவிடுமோ என்ற பயம்தான் 30ஐ உயிரோடு வைத்திருந்தது. பயம் போனதும் அடக்கத்துக்கான காரணமும் போனது. இருவரும் 30இல் நின்றிருந்தால் ஆளுக்கு 1800 கிடைத்திருக்கும். இருவரும் அறிவாளிகள் என்று இருவருக்கும் தெரிந்ததால் ஆளுக்கு 200 குறைகிறது. அந்த 200 எங்கே போனது என்று கேட்டால், தண்ணீர் வாங்குபவர்களைக் கேட்க வேண்டும். விலை 60இலிருந்து 40க்கு இறங்கியிருக்கிறது. நிறுவனங்கள் கூடிப் பேசி உற்பத்தியைக் குறைப்பதைப் பல நாடுகளின் போட்டிச் சட்டங்கள் தடுப்பது இந்த இறக்கத்தைக் காப்பாற்றத்தான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நம்பிக்கை தேவைப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். 60ஐ அடிக்க, நான் விவரமானவனாக இருந்தால் போதும். என்னுடைய 30ஐ அடிக்க, எதிராளி விவரமானவர் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிராளியும் 30ஐ அடித்துவிட்டு 40க்குத்தான் வருவார் என்று சொல்ல, நான் விவரமானவன் என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணை பெரிதாகிச் சுற்றுகள் கூடக் கூட இந்தச் சங்கிலியும் நீளும். பத்துச் சுற்று ஓடித்தான் விடை வருகிறது என்றால் அந்த விடையை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். இரண்டு சுற்று என்றால் நம்பலாம்.

அந்த நம்பிக்கை முழுதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கீழூற்று 60 அனுப்ப ஓரளவு வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் 40 அனுப்பும் என்று மேலூற்று நினைப்பதாக வைத்துக்கொள்வோம். 60 வந்தால் 30இல் நின்றதால் 100 மிச்சம். 40 வந்தால் 30இல் நின்றதால் 100 நட்டம். ஆக, கீழூற்று புத்தி பேதலித்துப்போக பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் 30க்குத் திரும்ப வேண்டியிருக்கும். சிறு சந்தேகங்களை இந்த விடை தாங்கும்.

ஆனால் கீழூற்றின் மேலாளருக்கு லாபத்தைப் பார்த்துச் சம்பளம் இல்லாமல், விற்ற பீப்பாயை எண்ணி ஊக்கத்தொகை என்றால் கதை வேறு. அவருக்கு 60தான் நல்லது. அட்டவணையில் நாம் எழுதிய எண்கள் அவர் மனதில் உள்ள எண்கள் அல்ல. முறை பிழைக்கவில்லை, அட்டவணைதான் பிழை. நடைமுறையில் இந்தக் கருவி ஏமாற்றும்போது பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்: எதிராளி எதை எண்ணுகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நம்முடைய கணக்கையே அவருக்கும் எழுதிவைத்துவிடுவது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மேலாளரால் கீழூற்றின் முதலாளிக்கு நட்டமும் இல்லை. கீழூற்று 60இலிருந்து இறங்காது என்று மேலூற்றுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால் அது என்ன செய்யும்? மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள்: 900, 800, பூஜ்யம். முனகிக்கொண்டே 30க்குப் போய்விடும். அப்போது கீழூற்றுக்குக் கிடைப்பது 1800, அமைதியாகக் கணக்குப் போட்டு வந்த 1600ஐ விட 200 அதிகம். ஜெர்மானியப் பொருளியலாளர் ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டாக்கெல்பெர்க் 1934இல் வெளியிட்ட நூலில் விவரித்த நிலைமை இதுதான்: ஒரு நிறுவனம் முந்திக்கொண்டு தன் அளவை முடிவுசெய்துவிடுகிறது, மற்றது அதைப் பார்த்த பிறகு தன்னுடையதைத் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் முதல் சுற்றில் 60ஐ அடித்தது தவறா? தவறில்லை. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பாராமல் முடிவெடுக்கும்போதுதான் அந்த அடித்தல் செல்லும். யாராவது முந்திச் சென்று, அதை மற்றவர் கண்ணால் பார்த்துவிட்டால் ஆட்டமே வேறாகிவிடுகிறது. பார்த்தால் மட்டும் போதாது, திரும்பப் பெற முடியாததாகவும் இருக்க வேண்டும். பீப்பாய்கள் வண்டியேறி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகியிருக்க வேண்டும். வெறும் வாயால் “நான் 60” என்று மிரட்டினால், மேலூற்று நம்பி 30க்கு இறங்கும் அந்த வேளையில் கீழூற்றுக்கு நல்லது 60 அல்ல, 40தான். அதில் 2000 கிடைக்கும். இது மேலூற்றுக்கும் தெரியுமாதலால் மிரட்டல் எடுபடாது.

இன்னொரு சிக்கல், சமமான எண்கள். அட்டவணையில் 60ஐ எடுத்துவிட்டு மூன்றாவது வழியாக 50ஐ வைத்துப் பாருங்கள். கீழூற்று 30 அனுப்பும்போது மேலூற்றின் 40க்கும் 50க்கும் ஒரே லாபம், 2000. மற்ற இரு நெடுவரிசைகளில் 40 முந்துகிறது: 1600க்கு எதிராக 1500, 1200க்கு எதிராக 1000. அதேபோல் கீழூற்று 50 அனுப்பும்போது மேலூற்றின் 30க்கும் 40க்கும் ஒரே லாபம், 1200; மற்ற இரண்டில் 40 முந்துகிறது. ஆகவே 40 மற்ற இரண்டையும் எங்கும் தோற்காமல் விஞ்சுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஜெயித்து அல்ல. இதற்குப் பலவீனமாக விஞ்சுதல் என்று பெயர். சமமாக இருந்தாலும் அடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டால், பழையபடி 40, 40 என்ற கட்டத்துக்கே வந்து சேருவோம்.

அடித்ததில் எதையாவது தொலைத்தோமா என்று பார்க்க வேண்டும். மேலூற்று 30, கீழூற்று 50 என்ற கட்டம். மேலூற்றுக்கு அங்கே 1200. 40க்கு மாறினாலும் 1200தான், 50க்கு மாறினால் 1000. கீழூற்றுக்கு 2000; 40க்கு மாறினாலும் அதேதான், 30க்கு மாறினால் 1800. இருவரில் யாருக்கும் நகரக் காரணமில்லை. அதாவது அது நாஷ் சமநிலை. மற்றவர் இருக்கும் இடத்தில் இருக்கும்வரை தான் மட்டும் மாறி யாரும் முன்னேற முடியாது. இடம் மாற்றி மேலூற்று 50, கீழூற்று 30 என்பதும் அப்படியே. பலவீனமான அடித்தல் இந்த இரண்டு சமநிலைகளையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டது. முழுதாக விஞ்சப்பட்டவற்றை மட்டும் அடித்தால் எந்தச் சமநிலையும் தொலையாது. எந்த வரிசையில் அடித்தாலும் மிஞ்சுவது ஒன்றே. பலவீனமாக விஞ்சப்பட்டவற்றை அடிக்கத் தொடங்கினால் இந்த இரண்டு உத்தரவாதமும் போய்விடும். சில அட்டவணைகளில் யாருடைய வழியை முதலில் அடித்தோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். அட்டவணையில் சமமான எண்கள் கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை எல்லாக் கட்டங்களையும் சோதிப்பது நல்லது.

மூன்றே வழிகள் என்பது நாம் வசதிக்காக வைத்துக்கொண்டது. பூஜ்யத்திலிருந்து எத்தனை பீப்பாய் வேண்டுமானாலும், அரைப் பீப்பாய் கால் பீப்பாய் உட்பட அனுப்பலாம் என்று திறந்துவிட்டால்? தனியாளாக இருந்தால்கூட 60க்கு மேல் அனுப்பக் காரணமில்லை, அதனால் 60க்கு மேலுள்ளவை போகும். எதிராளி 60க்கு மேல் போகமாட்டார் என்றால் 30க்குக் கீழே இறங்கக் காரணமில்லை. எதிராளி 30க்குக் கீழே வரமாட்டார் என்றால் 45க்கு மேல் ஏறக் காரணமில்லை. பிறகு 37½, பிறகு 41¼. இரு பக்கமும் நெருங்கி நெருங்கி 40ஐத் தொடும். கூர்னோவும் ஏறக்குறைய இதே படிகளில்தான் இறங்கினார், ஆனால் அவருடைய உரிமையாளர்கள் இப்படி யோசிப்பவர்கள் அல்ல. ஒருவர் 60 விற்பதைப் பார்த்து மற்றவர் 30 விற்பார், அதைப் பார்த்து முதலாமவர் 45, அதைப் பார்த்து இவர் 37½ என்று பட்டுப் பட்டுத் திருந்துவார்கள். அவர்கள் சந்தையில் நாள்கணக்கில் நடக்கும் தூரத்தை, அட்டவணை வைத்திருப்பவர் கடை திறக்கும் முன்பே மனதுக்குள் நடந்துவிடுகிறார்.

மலையடிவாரத்தில் மூன்றாவதாக ஓர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டால் இந்த நடை முதல் அடியிலேயே நின்றுபோகும். 60க்கு மேலுள்ளவற்றை முன்புபோல் அடிக்கலாம். ஆனால் மற்ற இருவரும் ஆளுக்கு 60 வரை அனுப்பக்கூடும். இரண்டும் சேர்ந்தால் 120, விலை பூஜ்யம். அந்த நாளில் ஒரு பீப்பாயும் அனுப்பாமல் வீட்டில் இருந்தாலும் குறை சொல்ல முடியாது. மற்ற இருவரும் எதுவும் அனுப்பாவிட்டால் 60ம் சரியே. பூஜ்யத்துக்கும் 60க்கும் இடையில் உள்ள எந்த எண்ணுக்கும் ஏதாவது ஒரு நியாயம் இருக்கிறது. அடிக்க எதுவும் மிஞ்சவில்லை. ஆளுக்கு 30 என்ற சமநிலை அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அடித்து அடித்து அதைப் போய்ச் சேர வழியில்லை. டக்ளஸ் பெர்ன்ஹைம் 1984இல் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார்.